காசநோய் மருந்துகளும் கல்லீரலும்: மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்து

காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் கொடுக்கப்படும் நான்கு மருந்துகளில் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலில்தான் பெரும்பாலும் வேதிமாற்றம் அடைகின்றன. நான்காவதான எத்தாம்பியூட்டால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறும்; கல்லீரலுக்கு அதனால் தொல்லை இல்லை. மருந்து தொடங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த மூன்றில் ஒன்றோ பலவோ கல்லீரல் செல்களைச் சிதைக்கின்றன. பெரும்பாலான சிதைவுகள் முதல் எட்டு வாரங்களுக்குள் தலைகாட்டுகின்றன. நேரத்தில் மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் கல்லீரல் தேறிவிடும். கண் மஞ்சளித்த பிறகும் மாத்திரை தொடர்ந்தால் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். அதற்காக, வாந்தி வந்ததும் எல்லா மாத்திரையையும் தூக்கி வீசிவிட்டால் காசநோய் முற்றும்; குடும்பத்தாருக்கும் தொற்றும். இவ்விரு தவறுகளுக்கும் நடுவே முடிவெடுக்கும் முறையே இங்கு ஆராயப்படுகிறது.

மேலை நாடுகளில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புக்கு முதற்காரணங்களாகப் பாராசிட்டமாலும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இருக்கின்றன. இந்தியாவில் அந்த இடம் காசநோய் மருந்துகளுக்கு. இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து 1,288 நோயாளிகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பில் ஏறத்தாழ 46 விழுக்காடு காசநோய் மருந்துகளால் வந்தது. அடுத்த இடத்தில், 14 விழுக்காடு அளவில், நாட்டு மருந்துகளும் மாற்று மருத்துவ மருந்துகளும் இருந்தன. இவ்விரண்டும் ஒரே ஆளிடம் சேரும் சூழல் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அரிதல்ல.

மரக்காணத்துச் சூழல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தின் உப்பு விளையும் கரை. கோடை முழுதும் பாத்தியில் இறங்கி உப்பு வாரி வரப்பில் குவிக்கும் வேலை இருட்டோடு தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியும். கூலி நாள் கணக்கு. மருத்துவமனைக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். தெற்கே புதுச்சேரியில் ஜிப்மரும், மேற்கே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருந்தாலும், முதல் முடிவு எடுக்கப்படுவது பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான்.

இந்தப் பகுதியின் காசநோயாளிகளைப் பற்றி நேரடியான தரவு உண்டு. ஜிப்மரும் பாஸ்டன் ஆய்வாளர்களும் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சேர்ந்து நடத்திய நெடுநாள் கண்காணிப்பு ஆய்வில் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன: ஆண் நோயாளிகளிடம் மதுப்பழக்கம் மிகுதி, நோயாளிகளில் பெரும்பகுதியினர் எடை குறைந்தவர்கள். கல்லீரல் பாதிப்புக்கு உலகெங்கும் எண்ணப்படும் ஆபத்துக் காரணிகளில் இவை இரண்டும் முன்னிலையில் உள்ளன. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நோய் கண்டறிந்த அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானே எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மிகவும் நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. இறப்பைத் தடுக்க வந்த அந்தப் பிரித்தறியும் முறை, கல்லீரலைக் கவனிக்க வேண்டியவர் யார் என்பதையும் கூடவே காட்டிவிடுகிறது.

மருந்து எப்படிக் கெடுக்கிறது

மூன்று மருந்துகளும் ஒரே விதமாகக் கெடுப்பதில்லை. இந்த வேறுபாடுதான் பின்னால் எதை முதலில் திருப்பிக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

ஐசோநியசிட் கல்லீரலில் அசிட்டைல் ஏற்றம் என்னும் வேதிமாற்றத்துக்கு உள்ளாகிறது. இதைச் செய்யும் நொதியின் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவாகச் செய்யும் வகையினர். அவர்களிடம் மருந்து நீண்ட நேரம் தங்குவதால், அதன் ஒரு பகுதி ஹைட்ரசின் போன்ற நச்சுப் பொருள்களாகப் பிரிய வாய்ப்புக் கூடுகிறது. தொடர்ந்து மது அருந்துபவரின் கல்லீரலில் இந்த நச்சுப் பாதையின் சில நொதிகள் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும்.

ரிஃபாம்பிசின் தனியாகக் கல்லீரலைச் சிதைப்பது குறைவு. ஆனால் அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி, ஐசோநியசிட்டின் நச்சுப் பாதையை வேகப்படுத்துகிறது. இரண்டும் சேரும்போது தீங்கு கூடுவதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு குணமும் உண்டு. பிலிருபின் கல்லீரலுக்குள் நுழைவதற்கும் பித்தத்தில் கலப்பதற்கும் அது போட்டியாக நிற்கும். அதனால் முதல் சில நாள்களில் பிலிருபின் மட்டும் லேசாக ஏறி, எஸ்.ஜி.பி.டி. சரியாகவே இருக்கலாம். இது சிதைவு அல்ல, தானாக இறங்கிவிடும்.

பைரசினமைடு மூன்றிலும் கடுமையானது. 1950-களில் இதை இன்றைய அளவைவிட மிக அதிகமாகக் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு பெருகியதால் மருந்தையே ஒதுக்கி வைத்தனர். அளவைக் குறைத்த பிறகே அது மீண்டும் முறைக்குள் வந்தது. நோயில்லாத தொற்றைத் தடுக்க ரிஃபாம்பிசினையும் பைரசினமைடையும் இரண்டு மாதம் கொடுக்கும் முறை அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்டு, கல்லீரல் செயலிழப்பும் இறப்புகளும் நேர்ந்ததால் 2003-இல் கைவிடப்பட்டது. இம்மருந்தால் வரும் பாதிப்பு ஆறவும் நாள் பிடிக்கும்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் ஏறத்தாழ 3,000 தென்னிந்திய நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 1986-இல் வெளியிட்டது. ரிஃபாம்பிசினும் ஐசோநியசிட்டும் சேர்ந்த முறைகளில், நுரையீரல் காசநோயாளிகளிடம் கல்லீரல் அழற்சி சில விழுக்காட்டோடு நின்றது. மூளையுறைக் காசம் கண்ட குழந்தைகளிடமோ அது பல மடங்கு கூடியிருந்தது. அக்குழந்தைகளுக்கு அப்போது ஐசோநியசிட் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டது. அதைக் குறைத்ததும் பாதிப்பும் குறைந்தது. இன்று பெரியவர்களுக்கு அம்மருந்தின் அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில்தான் நிற்கிறது.

எடையும் மாத்திரை எண்ணிக்கையும்

இந்தியாவில் நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. ஒரு மாத்திரையில் ஐசோநியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 25 முதல் 34 கிலோ வரை இரண்டு மாத்திரை, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு, 65 முதல் 75 வரை ஐந்து என்று எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

பிரிவின் விளிம்பில் நிற்பவரைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். 49 கிலோ ஆளுக்கு மூன்று மாத்திரையில் பைரசினமைடு கிலோவுக்கு 24 மில்லிகிராம் சேர்கிறது. 35 கிலோ ஆளுக்கு அதே மூன்று மாத்திரையில் 34 மில்லிகிராம். பரிந்துரைக்கப்பட்ட எல்லை 20 முதல் 30 வரை. ஆக, ஒவ்வொரு பிரிவிலும் மெலிந்தவரே கூடுதல் அளவு பெறுகிறார். எடைப் பிரிவு என்பது களத்தில் பிழையில்லாமல் மருந்து வழங்குவதற்கான ஏற்பாடு. அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் நோயாளி சொல்லும் பழைய எடையை எழுதிக்கொள்ளாமல் தராசில் நிறுத்தி எழுத வேண்டும் என்பதற்கும், விளிம்பில் உள்ள மெலிந்தவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இந்தக் கணக்கே போதும். 36 கிலோ என்று எழுதப்பட்டவர் உண்மையில் 33 கிலோவாக இருந்தால் அவருக்கு மூன்றல்ல, இரண்டு மாத்திரையே உரியது.

யாருக்கு, எப்போது ரத்தப் பரிசோதனை

கல்லீரல் பரிசோதனை எனப்படும் எல்.எஃப்.டி. சீட்டில் நான்கு எண்கள் முக்கியம். எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல் சிதைவைக் காட்டும். பல ஆய்வகங்களில் அதன் மேல்வரம்பு 40 யூனிட்டை ஒட்டியிருக்கும். எஸ்.ஜி.ஓ.டி.யும் ஏறும். ஆனால் அது தசையிலும் இருப்பதால் கடும் உடலுழைப்புக்குப் பின் தனியாகவே கூடலாம். மது அருந்துவோரிடமும் எஸ்.ஜி.ஓ.டி.யே முந்தி நிற்கும், எஸ்.ஜி.பி.டி.யைப்போல் இரு மடங்கு இருந்தால் மதுவை நினைக்க வேண்டும். ஆகையால் உப்பளத் தொழிலாளியிடம் முடிவெடுக்க நம்ப வேண்டிய எண் எஸ்.ஜி.பி.டி. பிலிருபின் கல்லீரலின் வேலைத்திறன் குறைவதைக் காட்டும். அல்புமின் உடல் சேமிப்பைக் காட்டும். தொடக்கத்திலேயே அது குறைந்திருப்பவர் ஆபத்து மிக்கவர். இவற்றோடு, மஞ்சள் கண்டவருக்கு ரத்தம் உறையும் நேரமான ஐ.என்.ஆர். பார்க்கப்பட வேண்டும். கல்லீரல் செயலிழப்பை முதலில் அறிவிப்பது அதுதான்.

எல்லாருக்கும் மாதந்தோறும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மற்றபடி நலமாக உள்ள இளவயதினருக்கு மருந்து தொடங்குமுன் ஒரு பரிசோதனை இருந்தால் நல்லது. பின்னர் அறிகுறி தோன்றினால் பார்த்தால் போதும். தொடர் கண்காணிப்பு தேவைப்படுவோர் வேறு. நாள்தோறும் மது அருந்துவோர், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி தொற்றுள்ளோர், எச்.ஐ.வி. உள்ளோர், ஏற்கெனவே கல்லீரல் நோய் கண்டவர், கர்ப்பிணிகள், பிரசவித்து மூன்று மாதத்துக்குள் இருப்போர், முதியோர், மிக மெலிந்தோர் ஆகியோருக்குத் தொடக்கத்திலும், முதல் இரண்டு மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் மாதம் ஒருமுறையும் பார்ப்பது வழக்கில் உள்ள முறை. கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளவருக்கு முதல் இரண்டு வாரம் வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் வரும் பாதிப்பைச் சீட்டு காட்டாது. பிழைக்க வைப்பது நோயாளி சொல்லும் அறிகுறிதான். இந்தப் பாடம் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கற்கப்பட்டது. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டட ஊழியர்கள் 2,321 பேருக்குத் தடுப்பு மருந்தாக ஐசோநியசிட் மட்டும் கொடுக்கப்பட்டதில் 19 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது; இருவர் இறந்தனர். அதன் பின்னரே மாதந்தோறும் அறிகுறிகளைக் கேட்டறிவது நடைமுறையாயிற்று.

அறிகுறியைப் படிக்கும் முறை

முதல் அறிகுறி மஞ்சள் அல்ல, பசியின்மை. ஆனால் காசநோயே பசியைக் கொல்லும். வேறுபாடு கால ஓட்டத்தில் இருக்கிறது. மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் தணிந்து, பசி திரும்பி, எடை ஏறத் தொடங்கும். அப்படித் திரும்பிய பசி மறுபடியும் போனால், சோற்றைக் கண்டாலே குமட்டினால், அது மருந்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் குமட்டி மாலைக்குள் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் வயிற்று எரிச்சல்; சிறிது உணவுக்குப் பின் மாத்திரை எடுத்தால் குறையும். நாள் முழுதும் நீடிக்கும் குமட்டல், வாந்தி, வலப்புற விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத அசதி ஆகியவை வந்தால் அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் பார்க்க வேண்டும்.

சிறுநீரின் நிறம் குழப்பம் தரும். ரிஃபாம்பிசின் முதல் நாளிலிருந்தே சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூடச் சாயம் ஏறும். இது தீங்கற்றது. இதைச் சொல்லாமல் விட்டால் நோயாளி பயந்து மாத்திரையை நிறுத்துவார். ‘சிவப்பாகத்தான் போகும்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், உண்மையான காமாலை வந்தாலும் அதையும் மாத்திரையின் நிறம் என்றே எண்ணிவிடுவார். உப்பளத்தில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீர் எப்படியும் அடர்ந்தே இருக்கும். பிரித்தறிய வழி உண்டு. ரிஃபாம்பிசின் நிறம் மாத்திரைக்குப் பின் சில மணி நேரம் தூக்கலாக இருந்து, நன்றாகத் தண்ணீர் குடித்தால் அடுத்த வேளைக்குள் வெளிறும். காமாலைச் சிறுநீர் நாள் முழுதும் கரும்பழுப்பாக இருக்கும். ஐயம் தீர்க்கும் இடம் கண். கீழ் இமையை இறக்கி, பகல் வெளிச்சத்தில் நிழலில் நின்று வெண்விழியைப் பார்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் வழக்கமான அளவில் வெண்விழியை மஞ்சளாக்குவதில்லை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் சிவந்து சதை படர்ந்த கண்ணில், இமைக்கு உள்ளே மறைந்திருக்கும் பகுதியைப் பார்த்தால்தான் நிறம் தெளிவாகத் தெரியும்.

எப்போது நிறுத்துவது

எஸ்.ஜி.பி.டி. லேசாக ஏறிய ஒவ்வொருவருக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது. ஐசோநியசிட் எடுப்போரில் ஐந்தில் ஒருவர் வரை இந்த எண் சற்று ஏறி, மருந்து தொடரும்போதே இறங்கிவிடுகிறது. கல்லீரல் மருந்துக்குப் பழகிக்கொள்வதன் அடையாளம் அது. நிறுத்துவதற்கான எல்லைகள் மூன்று. அறிகுறி இருந்து எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு வந்தால், அதாவது 120 அளவில், நிறுத்த வேண்டும். அறிகுறியே இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கை, 200 அளவைத் தொட்டால் நிறுத்த வேண்டும். கண் மஞ்சளித்தால் எண்ணுக்காகக் காத்திராமல் நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது என்றால் மூன்று மருந்தையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது. மாத்திரை எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுப்பதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதும் இரண்டு வழியிலும் கேடு. கல்லீரலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை; குறைந்த மருந்தில் கிருமி எதிர்ப்புத் திறன் பெறுகிறது.

எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் ஒன்றாக ஏறினால் ஆபத்தின் படி மாறுகிறது. மருந்துவழிப் பாதிப்பில் அந்நிலையை எட்டியவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இறப்போ கல்லீரல் மாற்றமோ நேர்கிறது என்பது நெடுநாள் அனுபவம். காசநோய் மருந்துகளில் இது இன்னும் மோசம். பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்த 269 பேரின் தொகுப்பில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர்; பெரிய மருத்துவமனைக்குக் கடும் நோயாளிகளே போய்ச் சேர்வதும் அதற்கு ஒரு காரணம். ஐ.என்.ஆர். 1.5-க்கு மேல் போனாலோ, உறக்கம் தலைகீழாகி நோயாளி குழம்பிப் பேசினாலோ, வயிற்றில் நீர் கோத்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நிறுத்திய அன்றே வேறு காரணங்களையும் தேட வேண்டும். டெல்லியில் மருந்துவழிப் பாதிப்பு என்று எண்ணப்பட்டவர்களைச் சோதித்தபோது ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு உண்மையில் வைரஸ் காமாலை இருந்தது; அதில் மிகுதி குடிநீர் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் இ. ஆகவே ஏ, பி, சி, இ வைரஸ்களுக்கான சோதனையும் வயிற்று ஸ்கேனும் தேவை. எடுத்துக்கொண்ட பிற மருந்துகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: உடல்வலிக்குக் கடையில் வாங்கிய பாராசிட்டமால், வலிமாத்திரைகள், லேகியம், கஷாயம் எல்லாமும். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும், உப்பும் எண்ணெயும் இல்லாப் பத்தியம் பிடிப்பதும் இப்பகுதியில் பரவலான வழக்கம். கீழாநெல்லி இந்தப் பாதிப்பை ஆற்றும் என்று நிறுவப்படவில்லை. அதைவிடப் பெரிய தீமை, அதை நம்பிக் கண் மஞ்சளோடு காசநோய் மாத்திரையையும் தொடர்வது. ஏற்கெனவே மெலிந்த உடம்பைப் பத்தியம் இன்னும் வற்றச் செய்கிறது.

ஒரு நோயாளியின் போக்கு

முறை தெளிவாக விளங்க, கற்பனையான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளலாம். உப்பளத் தொழிலாளி, வயது 46, எடை 38 கிலோ, மாலைதோறும் மது. சளியில் கிருமி உண்டு; ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. மூன்று மாத்திரை தொடங்கப்படுகிறது. பைரசினமைடு கிலோவுக்கு ஏறத்தாழ 32 மில்லிகிராம். தொடக்கத்தில் எஸ்.ஜி.பி.டி. 34, எஸ்.ஜி.ஓ.டி. 61, பிலிருபின் 0.8, அல்புமின் 2.8. மது, எடை, அல்புமின் என மூன்று காரணிகள் இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என முடிவாகிறது.

14-ஆம் நாள் எஸ்.ஜி.பி.டி. 84. இரண்டு மடங்குதான், பசி திரும்பியிருக்கிறது, எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. மருந்து தொடர்கிறது, அடுத்த பரிசோதனை ஒரு வாரத்தில் என்று முன்னே கொண்டுவரப்படுகிறது. 21-ஆம் நாள் 110. அப்போதும் அறிகுறி இல்லை. 25-ஆம் நாள் சோறு இறங்கவில்லை, இரண்டு முறை வாந்தி. அன்றே பார்த்ததில் எஸ்.ஜி.பி.டி. 290, பிலிருபின் 2.6, ஐ.என்.ஆர். 1.2. அறிகுறியோடு ஏழு மடங்கு. மூன்று மருந்தும் நிறுத்தப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். வைரஸ் சோதனைகளில் ஒன்றும் இல்லை.

சளியில் கிருமி இன்னும் இருப்பதால் மருந்தே இல்லாமல் விட முடியாது. கல்லீரலைத் தொடாத எத்தாம்பியூட்டாலும், அதற்கு மிகக் குறைந்த தொல்லை தரும் லீவோஃப்ளாக்சசினும் இடைக்கால மருந்தாகத் தொடங்கப்படுகின்றன. தேவையானால் ஸ்ட்ரெப்டோமைசின் அல்லது அமிகாசின் ஊசி சேரும். இங்கே உப்பளத் தொழில் இன்னொரு விதத்தில் குறுக்கிடுகிறது. இந்த மாற்று மருந்துகள் சிறுநீரகம் வழியே கழிபவை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத் தாக்கத்தை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, ஒரு பகுதியினரிடம் சிறுநீரகச் செயல் குறைந்திருப்பதைக் கண்டது. ஆகையால் கிரியாட்டினின் பார்த்த பிறகே அளவு முடிவாக வேண்டும். ஊசி போட்டால் காது கேட்பதையும், எத்தாம்பியூட்டாலுக்குக் கண் பார்வையையும் கவனிக்க வேண்டும். எவ்வித உடல்நலக் குறைவும் இல்லாமல், தொற்றும் குறைவாக உள்ள நோயாளி என்றால் கல்லீரல் தேறும்வரை மருந்தின்றியும் காத்திருக்கலாம்.

வாரம் இருமுறை பார்த்ததில் எஸ்.ஜி.பி.டி. 210, 130, 74 என்று இறங்குகிறது. இரண்டு மடங்குக்குக் கீழே, 80-க்குள் வந்து, பிலிருபின் சரியாகி, பசி திரும்பிய பிறகே மறுதொடக்கம். இந்த நோயாளிக்கு அந்த நாள் 40 எனக் கொள்ளலாம்.

மறுதொடக்கத்தின் வரிசை

முதலில் ரிஃபாம்பிசின் மட்டும், 450 மில்லிகிராம், எத்தாம்பியூட்டாலோடு. கிருமியைக் கொல்வதில் வலிமை மிக்கதும், தனியாகக் கல்லீரலைத் தாக்குவதில் மென்மையானதும் அதுவே. ஒரு வாரத்துக்குள் எஸ்.ஜி.பி.டி. பார்க்கப்படுகிறது, 52. அடுத்து ஐசோநியசிட் 200 மில்லிகிராம் சேர்கிறது. மறுபடி ஒரு வாரத்தில் 48. அறிகுறி எதுவும் இல்லை. இப்போது பைரசினமைடு. பாதிப்பு லேசாக இருந்தவர்களுக்கு அதையும் முயன்று பார்க்கலாம். இவருக்கு மஞ்சள் கண்டுவிட்டது. மற்ற இரண்டும் தாங்குகின்றன. ஆகவே குற்றம் பைரசினமைடின் மேல் என்று கொண்டு அதை நிரந்தரமாக விட்டுவிடுவதே அறிவு.

எண் மறுபடி ஏறினால் கடைசியாகச் சேர்த்த மருந்தே காரணம், அது நிறுத்தப்படும். வரிசையாகக் கொடுப்பதன் பயன் இதுதான். நான்கும் சேர்ந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தால் எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. ஆகவே இந்த வாரங்களுக்குத் தனித்தனி மாத்திரைகள் வேண்டும். அவை கீழ்நிலை மையத்தில் இருப்பில் இல்லாவிட்டால் மாவட்டக் காசநோய் மையத்திலிருந்து முன்கூட்டியே வரவழைக்க வேண்டும். தேறிய நோயாளி மருந்துக்காக மூன்று வாரம் காத்துக் கிடந்தால் அதுவும் இடைமுறிவுதான்.

இந்த வரிசை ஒன்றுதான் சரி என்பதல்ல. அமெரிக்க வழிகாட்டி ரிஃபாம்பிசினை முழு அளவில் முதலில் வைக்கிறது. பிரிட்டிஷ் வழிகாட்டி ஐசோநியசிட்டை 50 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, பின்னர் மற்றவற்றைச் சேர்க்கிறது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் இவ்விரண்டையும், மூன்று மருந்தையும் முழு அளவில் ஒரே நாளில் தொடங்கும் முறையையும் 175 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்டது. மொத்தம் 19 பேருக்குப் பாதிப்பு திரும்ப வந்தது. மூன்று முறைகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. திரும்ப வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியது தொடக்க அல்புமின் அளவுதான். பத்தில் ஒன்பது பேர் மருந்தை மறுபடி தாங்கினர் என்பது இந்த ஆய்வின் பெரிய செய்தி. வரிசை முறைகளுள் எதைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு படிக்குப் பின்னும் ரத்தம் பார்ப்பதை விடக் கூடாது.

கல்லீரல் செயலிழந்து பிழைத்தவருக்கு இந்த மறுதொடக்க முயற்சியே ஆபத்து. ஐசோநியசிட்டையும் பைரசினமைடையும் மறுபடி தொடாமல், மருத்துவமனைக் கண்காணிப்பில் மாற்று முறைக்கே போக வேண்டும்.

எந்த மருந்து போனால் எத்தனை மாதம்

விட்டுவிட்ட மருந்தைப் பொறுத்து சிகிச்சையின் நீளம் மாறும். பைரசினமைடு மட்டும் போனால் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் மூன்றும் ஒன்பது மாதம். மேலே சொன்ன நோயாளி இந்த வழியில் செல்வார். தனி மாத்திரைகளைத் தாங்கிய பிறகு, மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு அவரை மாற்றிக்கொள்ளலாம். ஐசோநியசிட் போனால் ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆறு முதல் ஒன்பது மாதம். ரிஃபாம்பிசின் போவதுதான் பெரிய இழப்பு. அப்போது ஐசோநியசிட், எத்தாம்பியூட்டாலோடு தொடக்க இரண்டு மாதம் ஊசியும், பின்னர் முதல் இரண்டு மருந்துகள் மேலும் பத்து மாதமும் தேவைப்படும். மூன்றுமே ஒவ்வாவிட்டால் எத்தாம்பியூட்டால், லீவோஃப்ளாக்சசின், ஊசி ஆகியவற்றை நம்பி 18 முதல் 24 மாதம். ஒவ்வொரு மருந்தும் சிகிச்சையை எவ்வளவு நீட்டுகிறது என்பதைப் பார்த்தால், சரியான சான்றில்லாமல் எதன்மேலும் பழி போட்டு நிறுத்தக் கூடாது என்பது விளங்கும்.

மறுதொடக்கத்துக்குப் பின் முதல் மாதம் வாரம் ஒருமுறையும், அடுத்து இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் எஸ்.ஜி.பி.டி. பார்க்கலாம். மது முழுதும் நிற்க வேண்டும். நோயாளியின் சிகிச்சை அட்டையில் விட்ட மருந்தின் பெயர், நிறுத்திய தேதி, அன்றைய எண்கள், மறுதொடங்கிய வரிசை ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். உப்புப் பருவம் முடிந்து வேலை தேடி வேறு ஊருக்குப் போகும் தொழிலாளி அங்குள்ள மையத்தில் அட்டையை நீட்டும்போது, ‘பைரசினமைடு கூடாது’ என்ற குறிப்பு இல்லாவிட்டால் அங்கே நான்கு மருந்து மாத்திரையே கைக்கு வரும். பின்னாளில் நோய் திரும்பினாலும் இதே நிலைதான். வீட்டாருக்குத் தடுப்பு மருந்து தொடங்கும்போதும் அவர்களிடம் மதுப்பழக்கத்தையும் கல்லீரல் நோயையும் கேட்டறிந்து, பசியின்மையும் மஞ்சளும் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு வரும்படி சொல்லி அனுப்ப வேண்டும்.